நாற்பத்தைந்து பாகையில் ஒரு கோழி

அந்தக் கோழியை வெந்நீர்த் தொட்டியில் வைத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதையின் பாதிவரை என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பேராதனைப் பல்கலைக்கழக இரசாயனத் துறையின் ஆய்வுகூடத்தில் நான் செய்முறை உதவியாளர். ஒரு வருட ஒப்பந்தம். பிள்ளைகளுக்குத் திரவத்தை அளவாக உறிஞ்சும் குழாயியைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது, கண்ணாடி உடைத்தால் திட்டுவது, ஆய்வுகூடத்துக்குள் ஒரு பிஸ்கட்டைக் கண்டாலும் பாய்ந்து விழுவது, இவையெல்லாம் என் வேலை. கடைசி விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பேரும் உண்டு. 'பர்ஹானா அக்கா வாறா, வாயைத் துடைங்கடா' என்று பிள்ளைகள் சொல்வது என் காதிலேயே விழுந்திருக்கிறது.

அன்று மாமி றம்லத், என் கணவரின் உம்மா, கம்பளையிலிருந்து வருகிறார். நான் கல்யாணம் முடித்து ஐந்து வாரம். என் கையால் அவர் சாப்பிடப்போகும் முதல் சாப்பாடு. காலையில் கட்டுகஸ்தோட்டையில் ஒன்றேகால் கிலோ கோழி வாங்கித் துண்டு போட்டு, இரண்டு பொலித்தீன் பையில் கட்டி, துறையின் தேநீர் அறைக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். புத்திசாலி, ஐஸ் கட்டும் மேல்தட்டில் வைத்துவிட்டேன். மூன்று மணிக்கு எடுத்தால் கருங்கல். ஐந்து மணி பஸ்ஸில் ஏறி வீட்டுக்குப் போய் மசாலா பிரட்டவே நேரம் போதாது. இது எப்போது இளகி எப்போது ஊறுவது?

ஆய்வுகூடத்தில் ஒரே ஒரு பிள்ளைதான் நின்றாள். மடுல்கெல்லயிலிருந்து வரும் தர்ஷிகா. போன கிழமை மண்சரிவால் பாதை அடைபட்டு அவளால் வர முடியவில்லை. விட்டுப்போன செய்முறையைச் செய்து முடிக்க அதுதான் கடைசி நாள். சுவரோரம் ஐந்து வெந்நீர்த் தொட்டிகள்: முப்பது, முப்பத்தைந்து, நாற்பது, நாற்பத்தைந்து, ஐம்பது பாகை. ஒவ்வொன்றிலும் ஒரு குடுவை. குடுவைக்குள் இனிக் கரையாது என்று அடியில் படியும் அளவுக்கு வெண்காரம்.

ஐம்பது பாகையில் வைத்தால் கோழித்தோல் வெந்துவிடும். நாற்பதில் வைத்தால் நேரம் எடுக்கும். தர்ஷிகா காய்ச்சி வடித்த நீர் எடுக்க அடுத்த அறைக்குப் போனதும், நாற்பத்தைந்தின் மூடியைத் தூக்கி, குடுவைக்குப் பின்பக்கமாகப் பையை அமுக்கிவிட்டு மூடினேன். அவ்வளவு தண்ணீரை ஒரு கோழியா குளிராக்கப் போகிறது என்று நினைத்தேன். இரசாயனத்தில் சிறப்புப் பட்டம் வாங்கியவள் நான்.

நாற்பது நிமிடம் கழித்து, அவள் குடுவைகளிலிருந்து எடுத்த கரைசலை அமிலம் சொட்டி நியமிப்பதில் மும்முரமாக இருந்தபோது, பையை எடுத்து என் கைப்பைக்குள் ஒளித்தேன். அழகாக இளகியிருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

நாலேகாலுக்குத் தர்ஷிகா வரைபுத்தாளோடு வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு புள்ளி மட்டும் உக்கார மாட்டேங்குது."

இந்தச் செய்முறையில் ஒரு அழகு இருக்கிறது. எவ்வளவு வெண்காரம் கரைந்தது என்று தெரிந்தால் கரையும் சமநிலையின் மாறிலி தெரியும். அதிலிருந்து கிப்ஸ் சக்தி மாற்றம் வரும். அதை அப்படியே வைத்துக்கொண்டால் வெப்பமும் ஒழுங்கின்மையும் பின்னிக் கிடக்கும். வெப்பநிலையால் அதை ஒருமுறை வகுத்துவிட்டால் போதும். வகுத்து வந்த எண், வெப்பநிலையோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதைத் தீர்மானிப்பது, கரையும்போது உறிஞ்சப்படும் வெப்பம், அதாவது வெப்பவுள்ளுறை மாற்றம் ஒன்று மட்டுமே. அந்த எண்ணை ஒரு அச்சிலும், ஒன்றை வெப்பநிலையால் வகுத்து வருவதை மற்ற அச்சிலும் குறித்தால் நேர்கோடு. அதன் சாய்வுதான் வெப்பவுள்ளுறை மாற்றம். வெண்காரத்துக்கு மூலொன்றுக்குக் கிட்டத்தட்ட நூற்றுப்பத்து கிலோயூல்.

தர்ஷிகாவின் நாலு புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. ஐந்தாவது மட்டும் கோட்டுக்கு மேலே, யாருக்கும் சொந்தமில்லாமல் தனியாக நின்றது. எது என்று எனக்குத் தெரியும். அவளே சொன்னாள்.

"நாப்பத்தஞ்சு பாகை. இதையும் சேத்துக் கோடு போட்டா நூறுதான் வருது."

என் கைப்பை ஈரமாகத் தொடையில் ஒட்டியது.

"அத விடுங்க புள்ள. நாலு புள்ளி போதும். எல்லாருக்கும் ஒண்ணு ரெண்டு பிழையாகுறதுதானே. அழிச்சிட்டுக் கோட்டப் போடுங்க, கையெழுத்து வாங்கிட்டுப் போகலாம்."

"எப்புடிக்கா அழிக்கிறது? நான் ஒழுங்காத்தானே செஞ்சேன். மூணு தடவ நியமிச்சேன், மூணும் ஒண்ணாத்தான் வந்துச்சு."

இந்த மலைநாட்டுப் பிள்ளைகளின் பிடிவாதம் எனக்குத் தெரியும். ஆனால் அன்று அது என் தலையிலேயே விடியும் என்று எதிர்பார்க்கவில்லை. அவள் என் முன்னாலேயே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அளவுகோலை அந்தப் புள்ளியில் கிடையாக வைத்தாள். வலப்பக்கமாக நகர்த்தினாள். கோட்டைத் தொட்ட இடத்தில் பென்சிலால் ஒரு சிறு குறி. அங்கிருந்து கீழே அச்சுக்கு இறங்கினாள். கணிப்பானைத் தட்டினாள்.

"நாப்பதரை," என்றாள். "அக்கா, இந்தக் குடுவ நாப்பத்தஞ்சுல இருக்கலயே! நாப்பதர பாகையில இருந்தா எவ்வளவு கரையுமோ அவ்வளவுதான் கரைஞ்சிருக்கு. தொட்டி ஆறிப் போயிருக்கு."

ஒரு கோடு என்னைக் கையும் களவுமாகப் பிடிக்கும் என்று யார் நினைத்தார்? இனி கோழியின் நிறையையும் அது கணித்துச் சொல்லிவிடுமோ என்று பயந்தேன்.

"தொட்டி பழசு," என்றேன். "சூடாக்கி சரியில்ல போல."

"இப்பப் போயிப் பாத்தேன். நாப்பத்தஞ்சுலதான் நிக்குது."

நிற்காமல் என்ன செய்யும்? கோழிதான் வெளியே வந்துவிட்டதே.

அந்த நேரம் பார்த்து முத்துலிங்கம் சேர் உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இந்தப் பாடத்தின் விரிவுரையாளர், என் ஒப்பந்த நீடிப்புக் கடிதம் கிடப்பதும் அவர் மேசையில்தான். வரைபுத்தாளைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"என்ன பிள்ளை இது?"

தர்ஷிகா எல்லாவற்றையும் சொன்னாள். கோட்டில் இருந்து நாற்பதரையைக் கண்டுபிடித்ததையும் சொன்னாள். சேர் தலையை ஆட்டினார்.

"கணக்குச் சரி. ஆனா உம்மட கோட்டை வைச்சே வெப்பநிலையைத் திருத்திப்போட்டு, அதே புள்ளியைத் திரும்பக் கோட்டில வைக்கேலாது. அது பூனை தன்ர வாலைத் துரத்துற கதை. தொட்டி நாப்பதரைக்கு இறங்கினது எண்டதுக்கு வேற சாட்சி இருக்கோ?"

"இல்லீங்க சேர்."

"குடுவையில இருந்து கரைசலை எடுக்கேக்கை வெப்பமானியைப் பாத்தனீரோ?"

தர்ஷிகாவின் முகம் விழுந்தது. "அதுக்கு முந்தி பாத்தேன் சேர். மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னுக்கு. நாப்பத்தஞ்சு இருந்துச்சு. எடுக்கும்போது பாக்கல. அதையே எழுதிட்டேன்."

"பாக்காமல் எழுதினது. அதுக்கு என்ன பேர் எண்டு உமக்குத் தெரியும்தானே? அளவீடு இல்லை அது, கற்பனை. நான் இந்தச் செய்முறைக்குப் புள்ளி போடேலாது. பூச்சியம்தான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தாலும் பரவாயில்லை. இரசாயனச் சிறப்புப் பட்டத்துக்குப் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள். தர்ஷிகா அந்த ஓரத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தாள். ஒரு பூச்சியம் விழுந்தால் பட்டியலுக்கு வெளியே. அது எனக்குத் தெரியும், சேருக்குத் தெரியும், அவளுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். அவள் அழவில்லை. பென்சிலை மேசையில் வைத்தாள், அவ்வளவுதான்.

நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் யாருமில்லை. கோழி கைப்பைக்குள், பஸ் வர இருபது நிமிடம், கடிதம் சேரின் மேசையில். ஆனால் அழித்துவிடு என்று சற்று முன் அவளிடம் சொன்ன என் குரல் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. வெட்கமாக இருந்தது. அவள் என்னைவிட ஐந்து வயது சின்னவள்.

"சாட்சி இரிக்கு சேர்," என்றேன்.

கைப்பையைத் திறந்து மேசையில் வைத்தேன். பொலித்தீன் வழியாக ஒரு காலும் சிறகும் வெளியே பார்த்தன. வரைபுத்தாளில் ஈரம் படாமல் தர்ஷிகா அதைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு வெச்சேன். மூணு நாப்பதுக்கு எடுத்தேன். நாப்பத்தஞ்சுத் தொட்டியில."

சேர் கோழியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி கோழியைப் பார்த்தார்.

"எத்தினை கிலோ?"

"ஒண்ணேகால்."

"கட்டியாய் உறைஞ்சதோ?"

"கல்லு மாதிரி, சேர்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தன் உள்ளங்கையிலேயே ஏதோ கணக்குப் போட்டார். ஐஸ் உருக இவ்வளவு, தொட்டியில் பத்து லீற்றர், சூடாக்கி திருப்பிக் கொடுப்பது இவ்வளவு என்று முணுமுணுத்தார். கடைசியில் அவர் உதடு ஒரு பக்கம் இழுபட்டது. அந்த மனுசன் சிரிப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"நாலைஞ்சு பாகை இறங்கும்தான்," என்றார். "தர்ஷிகா, உம்மட கோடு பொய் சொல்லேல்லை. சாய்வை நாலு புள்ளியில எடும். அஞ்சாவதை அழிக்கக் கூடாது. நிக்கிற இடத்திலயே நிக்கட்டும், பக்கத்தில காரணத்தை எழுதும். வெப்பமானி பாக்காததுக்கு மாக்ஸில மூண்டு புள்ளி வெட்டுவன். மிச்சம் உமக்கு."

பிறகு என் பக்கம் திரும்பினார். "காரணத்தை அவ எழுதேலாது. கண்ட சாட்சி நீர். நீர்தான் எழுதிக் கையெழுத்து வைக்கோணும்."

வழக்கமாகப் பிள்ளைகள் அந்தப் பகுதியில் 'சூழலுக்கு வெப்ப இழப்பு' என்று ஒரே வரியை ஆளுக்காள் பார்த்து எழுதுவார்கள். நான் எழுதினேன்: 'உதவியாளர், மாணவிக்குத் தெரியாமல், தொட்டியினுள் வைத்த உறைந்த கோழி, 1.25 கிலோ.' கீழே முழுப்பெயர், திகதி. தர்ஷிகா தோளுக்கு மேலால் பார்த்து, "அக்கா, எத்தன துண்டுன்னு போடலயே" என்றாள். அடிக்கலாம் போலவும் கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது.

நாலு புள்ளிக் கோட்டின் சாய்வு நூற்று ஒன்பதுக்கு வந்தது. சேர் கையெழுத்துப் போட்டார்.

எனக்கும் ஒன்று போட்டார், அந்தக் கோழியை மாமிக்குச் சமைத்துக் கொடுத்த மறுநாள் காலையில், ஒப்பந்த நீடிப்பில். ஒரு வருடம் என்று அச்சிட்டிருந்ததை வெட்டி ஆறு மாதம் என்று சிவப்பில் எழுதியிருந்தார். கேட்க வாய் எடுத்தேன். "ஒண்டேகால் கிலோவுக்கு அரை வருசம், நியாயம்தானே" என்றார். நியாயம்தான்.

இரண்டு கிழமைக்குப் பிறகு சிறப்புப் பட்டப் பட்டியல் பலகையில் ஒட்டினார்கள். பன்னிரண்டாவது பெயர் தர்ஷிகா. பதின்மூன்றாவது பிள்ளைக்கும் அவளுக்கும் இரண்டே இரண்டு புள்ளி வித்தியாசம். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது, போன என் ஆறு மாதத்துக்காக எனக்குத் துளியும் வருத்தம் வரவில்லை. அன்று வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறியிருந்தால் அந்த இடத்தில் வேறு பெயர் இருந்திருக்கும், அது யாருடைய வேலை என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும்.