ஓடாத மூன்று ஆம்பியர்

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் விசாரித்தால் ஹரிபிரசாத் ஒரு தொழிற்சாலையையே தாங்கிப் பிடித்திருப்பதாகச் சொல்வார்கள். அப்படிச் சொல்லி வைத்தவன் அவனேதான். தொழிற்சாலை இருக்கிற துவாக்குடியில் விசாரித்தால் சிரிப்பார்கள். மாமனார் ஸ்ரீரங்கராஜன் இருபது வருஷமாக நடத்துகிற சென்சார் கம்பெனியில் மாப்பிள்ளைக்கு ஒரு கண்ணாடி அறை, ஒரு சுழல் நாற்காலி, ‘புரொடக்‌ஷன் மேனேஜர்’ என்று ஒரு பித்தளைப் பலகை. பலகையை ஆர்டர் கொடுத்ததும் அவனேதான்.

இப்போது பலகை பற்றவில்லை. டைரக்டர் ஆக வேண்டும். காகிதமெல்லாம் தயாராகி மாமனாரின் மேஜையில் கையெழுத்துக்குக் கிடந்தது. கிழவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பேட்டரி பேனல் செய்கிற ஓசூர்க்காரர்களுக்குப் போகிற முந்நூறு சென்சாரும் இன்ஸ்பெக்‌ஷனில் தேற வேண்டும். மனைவி சௌமியா அதற்குள் வீதியில் பாதிப் பேரிடம் ‘டைரக்டர்’ என்று சொல்லியாயிற்று. மீதிப் பாதிக்கு அவர்களே சொல்லிவிட்டார்கள்.

சென்சார் என்றால் பெரிய ராக்கெட் இல்லை. நடுவில் ஓட்டை போட்ட கறுப்புப் பெட்டி. ஓட்டை வழியே கரண்ட் கம்பி போகும். உள்ளே ஒரு காந்த வளையம், அதில் ஒரு சின்ன வெட்டு, வெட்டுக்குள் நகத்தைவிடச் சிறிய செமிகண்டக்டர் தகடு. கம்பியில் ஓடுகிற கரண்டுக்குத் தக்கபடி வளையத்தில் காந்தப்புலம் எழும். அந்தப் புலம் தகட்டின் பக்கவாட்டில் துளியூண்டு வோல்டேஜைக் கிளப்பும். ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்கி, நூறு ஆம்பியருக்கு நாலு வோல்ட் என்று மீட்டரில் காட்டும். கரண்ட் திரும்பி ஓடினால் மைனஸ் நாலு.

தகட்டில் ஒரு கோளாறு உண்டு. வோல்டேஜ் எடுக்கிற பக்கவாட்டு முனைகள் இரண்டும் நேருக்கு நேராக அமையாது, மயிரிழை விலகியே இருக்கும். அதனால் கம்பியில் கரண்டே ஓடாதபோதும் கொஞ்சம் வோல்டேஜ் காட்டும், அதுவும் தகட்டுக்குத் தகடு வேறாக. அதை அடக்கத்தான் பெட்டியின் முதுகில் ஜீரோ பிரிசெட் என்று ஒரு குட்டித் திருகாணி. பக்கத்தில் இன்னொன்று, கெயின் பிரிசெட். அது ஆம்ப்ளிஃபையர் எத்தனை மடங்கு பெரிதாக்க வேண்டும் என்பதற்கு.

பதினோரு வருஷமாக டெஸ்ட் மேஜையில் உட்கார்ந்திருக்கும் செல்லக்கிளி இதை ஒரே வரிசையில் செய்வாள். முதலில் கரண்டை நிறுத்திவிட்டு ஜீரோ. அப்புறம் நூறு ஆம்பியர் விட்டு கெயின். மறுபடி ஜீரோவைப் பார்ப்பாள். கம்பியைத் திருப்பிப் போட்டு மைனஸ் நாலு வருகிறதா என்றும் பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் திருகாணிகளின் தலையில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. ஒரு பீஸுக்கு நாலு நிமிஷம்.

மாப்பிள்ளைக்கு அந்த நாலு நிமிஷம் பொறுக்கவில்லை. ஒரு வாரம் கண்ணாடி அறைக்குள் இருந்து எட்டு ஸ்லைடு தயார் பண்ணினான். கரண்டை நிறுத்தவே வேண்டாம். நூறு ஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கட்டும், கெயினைத் திருகி நாலு வோல்ட் கொண்டுவா, பாலிஷ் வை, அடுத்தது. ஒன்றரை நிமிஷம்.

“ஜீரோ பாக்க வேணாமா சார்?” என்றாள் செல்லக்கிளி.

“நூறுல நாலு வருதில்ல? அதுதான் கஸ்டமர் கேக்கறது. ஒண்ணும் ஓடாதப்ப என்ன காட்டினா யாருக்கு என்ன?”

“பேட்டரிக்குப் போற பீஸு சார் இது.”

“நீ எஞ்சினியரா, நான் எஞ்சினியரா?”

அவள் தலையைக் குனிந்து டெஸ்ட் ஷீட்டை இழுத்து எழுத ஆரம்பித்தாள். அதை மாப்பிள்ளை மரியாதை என்று எடுத்துக்கொண்டான். மாப்பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஓசூரிலிருந்து வந்தவள் லிசி. முப்பது வயதுகூட இராது. சின்னப் பெண்தானே என்று மாப்பிள்ளைக்கு வயிற்றில் பால் வார்த்தது. ஃபில்டர் காபி, முந்திரி கேக், எட்டு ஸ்லைடு. அவள் காபியை மட்டும் எடுத்துக்கொண்டாள். அட்டைப்பெட்டியின் அடியிலிருந்து ஒரு சென்சாரை உருவி, டெஸ்ட் மேஜையில் வைத்து, நூறு ஆம்பியர் விட்டாள். மீட்டரில் 4.000.

“பெர்ஃபெக்ட்!” என்றான், தானே மீட்டரைச் செய்தவன் மாதிரி.

லிசி கரண்டை நிறுத்தினாள். மீட்டர் 0.117-இல் நின்றது.

“சார், ஒண்ணுமே ஓடல. இது மூணு ஆம்பியர்னு சொல்லுது. சும்மா கெடக்கற பேட்டரி சார்ஜ் ஆகறதா எங்க பேனல் நெனைச்சுக்கும்.”

“அது பூமியோட காந்தம் மேடம். இந்தப் பக்கம் பாறை ஜாஸ்தி.”

அவள் சிரிக்கவில்லை. பெட்டியைக் கிழக்கே திருப்பினாள், தெற்கே திருப்பினாள், தலைகீழாகப் பிடித்தாள். 0.117 அசையவில்லை. கம்பியைத் திருப்பிப் போட்டு மறுபடி நூறு விட்டாள்: மைனஸ் 3.767. அடுத்த பெட்டியை எடுத்தாள். அதில் கரண்டை நிறுத்தினால் மைனஸ் 0.082.

“ஒரே மேஜையில ஒண்ணு கூட, ஒண்ணு கொறைய. உங்க பூமிக்கு என்ன சார் ஆச்சு?”

அதற்குள் ஸ்ரீரங்கராஜன் தன் அறையிலிருந்து வந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளைக்குக் காது சிவந்தது. டைரக்டர் நாற்காலி கண்ணெதிரே ஆடியது. யார் தலையிலாவது இறக்க வேண்டும்.

“மாமா, டெஸ்ட் ஷீட்ல கையெழுத்துப் போட்டது செல்லக்கிளி. அவளைத்தான் கேக்கணும்.”

செல்லக்கிளி ஷீட்டுக் கட்டைக் கொண்டுவந்து பெரியவர் கையில் கொடுத்தாள். முந்நூறிலும் ஜீரோ கட்டத்தில் அதே சொற்கள்: ‘பார்க்கவில்லை, மேனேஜர் உத்தரவு.’ ஒவ்வொன்றின் கீழும் மேனேஜரின் கையெழுத்து, சுழித்து, அடிக்கோடு போட்டு. வாசிக்காமல் போட்டிருக்கிறான், மகானுபாவன்.

பெரியவர் மெதுவாகப் புரட்டினார். அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மாப்பிள்ளை திருப்புளியை எடுத்தான்.

“இதுக்கு எதுக்கு இவ்ளோ பேச்சு? இப்பவே ஜீரோ பண்ணிக் காட்டறேன் பாருங்கோ.”

முதல் பெட்டியை எடுத்து, கரண்ட் ஓடாமலே ஒரு திருகாணியைத் திருக ஆரம்பித்தான். பாலிஷ் பொருக்கு உதிர்ந்தது. மீட்டரில் 0.117 இறங்கியது. 0.090. 0.050. நெற்றியில் வேர்வை. செல்லக்கிளி வாயைத் திறந்தாள், லிசி கையமர்த்தினாள். 0.010.

“வந்துடுத்து! கிட்டத்தட்ட ஜீரோ. அவ்வளவுதான் மேட்டர்!”

லிசி நூறு ஆம்பியரை விட்டாள். மீட்டர் 0.343-க்கு மேலே ஏற மறுத்தது. நூறு ஓட, பெட்டி ஒன்பதுகூட ஓடவில்லை என்றது.

“சார் திருகினது கெயினு” என்றாள் செல்லக்கிளி, தரையைப் பார்த்தபடி. “ஆம்ப்ளிஃபையரையே அமுக்கிட்டாரு. ஜீரோ பக்கத்துல இருக்கறது.”

எட்டு ஸ்லைடு போட்டவனுக்கு எந்தத் திருகாணி எதற்கு என்று தெரியாது. இதைக் கேட்டு பேக்கிங் பகுதியில் யாரோ பலமாகத் தும்மினார்கள். தும்மல் மாதிரி இல்லை.

ஸ்ரீரங்கராஜன் லிசியிடம் மட்டும் பேசினார். “திங்கட்கிழமைக்குள்ள முந்நூறையும் முதல்லேர்ந்து பண்ணித் தரோம்மா. நீங்க வந்து எதை வேணா எடுத்துப் பாருங்கோ.”

“செல்லக்கிளி அக்கா வெக்கற ஜீரோன்னா வரேன் சார்.”

“நாலு நிமிஷமாகும்” என்றாள் செல்லக்கிளி. “கூட ஒரு ஆள் வேணும். ஒவ்வொரு பீஸுக்கும் கம்பிய மாட்டணும், திருப்பணும், கழட்டணும்.”

“மாப்பிள்ளை சும்மாத்தானே இருக்கார்” என்றார் பெரியவர். போகிற வழியில் தன் மேஜையிலிருந்த டைரக்டர் காகிதத்தை எடுத்து, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று நாள் ஹரிபிரசாத் ஸ்டூலில் உட்கார்ந்து கம்பியைத் திருப்பிப் போட்டான். “திருப்புங்க சார்” என்பாள் செல்லக்கிளி. திருப்புவான். “கழட்டுங்க சார்.” கழட்டுவான். முந்நூறும் தேறின. வீட்டுக்குப் போய், தரக்கட்டுப்பாட்டை இனி தானே நேரடியாகக் கையில் எடுத்துக்கொண்டதாகவும், டைரக்டர் பதவியெல்லாம் வெறும் கையெழுத்து வேலை என்பதால் தானே வேண்டாமென்று சொல்லிவிட்டதாகவும் சௌமியாவிடம் சொன்னான்.

சௌமியா தலையாட்டினாள். அன்று காலையே அவள் அப்பாவுக்குப் போன் பண்ணியிருந்தாள்.