முப்பத்தாறும் பன்னிரண்டும்

தையற்கடைக்காரிக்கு நிலுவையில் கிடந்த சீருடைக் கூலி நாற்பதாயிரம் மொத்தமாகக் கைக்கு வந்தது. கிரெடிட் கார்டு கடனும் அதே நாற்பதாயிரம்தான்.

"பாதியக் கடனுக்குக் கட்டுக்கா, மீதிய மியூச்சுவல் ஃபண்டுல போடு" என்றான் தம்பி.

"கார்டுக்காரன் வருஷத்துக்கு நூத்துக்கு முப்பத்தாறு வாங்குறான். உன் ஃபண்டு பன்னண்டு தரும்னே வெச்சுக்க, அதுவும் நிச்சயமில்ல. ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தச் சொல்றியா?"

அன்றே முழுவதையும் கட்டிவிட்டு, வெகு நாளுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

பத்தாம் நாள் கணவர் மாடிப்படியில் வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் முன்பணம் இருபதாயிரம் கேட்டார்கள். கார்டை நீட்டினாள், இயந்திரம் ஏற்கவில்லை. கடன் வரம்பை ஐயாயிரமாகக் குறைத்துவிட்டதாக வங்கி முந்தின வாரமே செய்தி அனுப்பியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"அவசரத்துக்குன்னு கொஞ்சம் கையில வெச்சிருக்கலாம்கா. எனக்கும் அது தோணல" என்றான் உடன் வந்திருந்த தம்பி.

"கணக்கு சரியாத்தானடா போட்டேன்."

தெரிந்த வட்டிக்காரர் ஒருவர் இருந்தார். மாதத்துக்கு நூற்றுக்கு ஐந்து. கார்டு வட்டியைவிட அது அதிகம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வரிசையில் பின்னால் நின்றவருக்கு வழிவிட்டு ஒதுங்கி, வட்டிக்காரருக்குப் போன் போட்டாள்.