மனமுவந்து

சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்து ஓய்ந்ததும் கலீலை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். தாம்பரம் சானடோரியத்துக்குப் பக்கத்தில், ரயில் பாதையை ஒட்டியிருந்த பம்பு தொழிற்சாலை அது. கலீல் லேத்தில் நிற்க ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஏழு மாதம் ஆகியிருந்தது. வெளியே பெஞ்சில் இன்னும் ஏழு பேர் முறை வரக் காத்திருந்தார்கள்.

மேஜையில் இரண்டு தாள், ஒரு செக். மானேஜர் கஸ்தூரிரங்கன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

“கலீல், கரண்ட் வெட்டு, ஆர்டர் இல்லை. ஆட்குறைப்பு. ரெண்டுலயும் கையெழுத்துப் போட்டு செக்கை எடுத்துக்கோ. தனசிங், சுருக்கமா சொல்லிடுங்க.”

பேனா கலீலின் கைக்குப் போகவில்லை. அவனுடைய அத்தா பல்லாவரம் தோல் மண்டியில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசியவர். சரக்கைப் புரட்டிப் பார்க்க விடாதவனிடம் அவர் விரலே நீட்டமாட்டார்.

“சுருக்கம் வாணாம் சார். இங்கிலீசு எனக்கு வராது. முழுசா படிங்க.”

டைம் ஆபீஸ் குமாஸ்தா தனசிங் ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வேதபாடம் வாசிக்கிறவர். ஒரு எழுத்தை விட்டு வாசிப்பது அவருக்குத் தெரியாத வித்தை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் தாளைத் தமிழில் சொல்லிக்கொண்டே போனார்.

“இன்னையோட உன் வேலை முடியுது. ஒரு மாச நோட்டீசுக்குப் பதில் ஒரு மாசச் சம்பளம். நஷ்ட ஈடு வருஷத்துக்குப் பதினஞ்சு நாள். ஆறு மாசத்தைத் தாண்டுன துண்டும் ஒரு வருஷம், அதனால பத்து வருஷக் கணக்கு. கிராஜுவிட்டி தனி. எல்லாம் இந்தச் செக்குல இருக்கு.”

“வூட்டுக்காரிக்கு நெஞ்சுக்கு மாத்திரை இ.எஸ்.ஐ.லதான் சார் வாங்கிகினு கீறேன்.”

“கையெழுத்துப் போடலேன்னா அந்த இ.எஸ்.ஐ. கார்டு போயிடும்” என்றார் மானேஜர்.

தனசிங் இருமினார். “கார்டு கம்பெனி குடுக்கிறது இல்ல சார். இதுவரை பிடிச்ச சந்தாவுக்குப் பலன் காலம்னு ஒண்ணு உண்டு. அது முடியறவரைக்கும் ஜெய்னப்புக்கு மாத்திரை கிடைக்கும்.”

ஜெய்னப்பின் மாத்திரை மேஜையை விட்டு இறங்கியதும் கலீலுக்குத் தோள் லேசாயிற்று. இரண்டாவது தாளை ஒற்றை விரலால் தனசிங் பக்கம் தள்ளினான்.

தனசிங் குரல் தானாகவே ஞாயிற்றுக்கிழமைக் குரலாகிவிட்டது. “கலீல் ஆகிய நான், மனமுவந்து, என் ஸ்தானத்தைத் துறந்து...”

“நில்லு சார். மனமுவந்தா? யாரு மனசு?”

“உன் மனசுன்னுதான் எழுதியிருக்கு.”

“எம்மனசு எங்கிட்டதான் கீது. அதைக் கேக்காம டைப் அடிச்சிட்டாங்களே! அதால இன்னா ஆவும்?”

“தனசிங்!” என்றார் மானேஜர்.

“கேக்கிறான் சார். சொல்லாம எப்படி?” தனசிங் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நீயா ராஜினாமா பண்ணினதா ஆகும். பதினஞ்சு வருஷம் ஆகாததால பி.எஃப்.ல கம்பெனி போட்ட பங்குல வெட்டு விழும். ஆட்குறைப்புன்னா முழுசும் வரும். திரும்ப ஆள் எடுத்தா உன்னை முதல்ல கூப்பிடணும்கிற உரிமையும் போயிடும்.”

போன வாரம் கேட்டில் பாதிக் கூலிக்குப் பெயர் எழுதிக்கொடுத்துப் போன பையன்கள் கலீலின் நினைவுக்கு வந்தார்கள். தோலை மேல்பக்கம் காட்டி ஓட்டையை மடித்து வைத்திருக்கிறார் மானேஜர்.

தன் பையிலிருந்து பேனாவை எடுத்தான். முதல் தாளில் ‘பெற்றுக்கொண்டேன், ஒத்துக்கொள்ளவில்லை’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டான். இரண்டாவது தாளைத் தொடவில்லை.

“செக்குக்கு வேற ரசீது போடு சார். பணம் வாங்கினேன்னு மட்டும் எழுது. ஸ்டாம்பு ஒட்டு, கையெழுத்துப் போடறேன்.”

கஸ்தூரிரங்கன் செக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ரெண்டாவது தாள்ல கையெழுத்துப் போடாம செக் கிடையாது.”

“அப்ப சரி.” கலீல் எழுந்தான். “தனசிங் சார், காசு கைக்கு வராம ஆளை அனுப்பினா அது ஆட்குறைப்பா?”

“செல்லாது. நோட்டீஸ் சம்பளமும் நஷ்ட ஈடும் கையில குடுத்துட்டுத்தான் அனுப்பணும்னு சட்டம்.”

“செல்லாதுன்னா நான் இன்னும் வேலையிலதானே கீறேன்? சாப்பாட்டு நேரம் முடிஞ்சு பத்து நிமிசம் ஆச்சு. சம்பளத்துல புடிச்சிடாதீங்க.”

நிஜமாகவே போனான். மானேஜர் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தைக் கடந்து ஷெட்டுக்குள் நுழைந்தான். லேத்து ஓடும் சத்தம் கேட்டது. பெஞ்சில் இருந்த ஏழு பேரில் இரண்டு பேர் எழுந்து அவன் பின்னால் போனார்கள். மூன்றாமவன் செருப்பைத் தேட ஆரம்பித்தான்.

கால் மணி நேரத்தில் தனசிங் தானே ஷெட்டுக்கு வந்தார். கையில் மானேஜர் விட்டுக்கொடுத்த செக்கும், ஸ்டாம்பு ஒட்டிய ஒற்றை வரி ரசீதும். “பெற்றுக்கொண்டேன்” என்பதற்கு மேல் அதில் ஒரு வார்த்தை இல்லை. கலீல் மெஷினை நிறுத்திக் கையைத் துடைத்தான். ரசீதை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

“உமக்கு ஒண்ணும் பேஜார் ஆவலியே சார்?”

“அடுத்த ஆளுக்கு நானே படிக்கவான்னு கேட்டேன். பதில் வரலை. வரலேன்னா படிக்கலாம்னுதானே அர்த்தம்?”

வெளியே வரும்போது பெஞ்சில் அப்துல் ரசாக்கின் முறை. கலீல் அவன் தோளில் எண்ணெய்க் கையை வைத்தான்.

“மச்சான், பேனாவை மூடியே வெச்சிரு. மொதல்ல சாரைப் படிக்கச் சொல்லு. மனமுவந்துன்னு வந்தா, நான் சொன்னேன்னு இருமிட்டு எழுந்திரு.”

அவன் கேட்டைத் தாண்டும்போது, உள்ளே தனசிங்கின் ஞாயிற்றுக்கிழமைக் குரல் தொடங்கிவிட்டது. இந்தத் தடவை கேட் வரைக்கும் கேட்டது.