ஒரு நொடி திறந்த கதவு

மத்தியானம் பன்னிரண்டே முக்காலுக்கு, புதுக்கோட்டைப் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில், டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு ஜெனிஷா டீச்சர் போனைப் பார்த்தாள். 'முன்கதவு திறந்தது.' பின்னாலேயே இன்னொன்று: 'ஹாலில் அசைவு.' இரண்டும் ஆவூரில் பூட்டிக் கிடக்கும் அவளுடைய சொந்த வீட்டிலிருந்து வந்தவை. பூட்டிய கதவு தானாகவா திறக்கும்? சாவி வைத்திருக்கிறவள் திறந்தால்தான் திறக்கும். சோற்றைத் தொடாமலே டிபன் பாக்ஸை மூடினாள்.

புருஷன் லியோன் கத்தார் வெயிலில் காய்ந்து கட்டிய வீடு அது. பிள்ளைகள் படிப்புக்காக இவள் டவுனில் வாடகைக்கு இருக்கிறாள். கதவில் ஒரு சென்சார், ஹாலில் ஒரு கேமரா, இரண்டும் சொல்வதைக் கேட்டு இவளுக்கும் லியோனுக்கும் போனில் சொல்ல ஹப் என்று ஒரு வெள்ளைப் பெட்டி. சாவி முன்பு கொழுந்தனிடம் இருந்தது. அவர் திருச்சிக்குக் குடிபோனதும், குருத்தோலை ஞாயிறன்று ஊருக்குப் பூசைக்கு வந்த ஜெனிஷா, சனிக்கிழமைதோறும் கூட்டிப் பெருக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டு மீனம்மாளிடம் கொடுத்தாள். மறுநாளே ஆரம்பித்தது இந்தத் தொல்லை. மூன்று வாரத்தில் இருபத்து மூன்று தடவை கதவு திறந்திருக்கிறது. அதில் சனிக்கிழமை இரண்டே இரண்டு!

கேமரா பிடித்த காட்சிகளையும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். அந்த இரண்டு சனிக்கிழமை தவிர எதிலும் ஆளே இல்லை. ஜன்னல் திரை ஆடுகிறது, தரையில் வெயில் ஆடுகிறது, அவ்வளவுதான். கேமரா கதவுக்கு மேலே இருந்து உள்பக்கம் பார்க்கிறது. அதற்கு அடியிலேயே சுவரோடு ஒட்டிப் போனால் எப்படித் தெரியும்? "கைகாரி, கேமராவுக்கே டிமிக்கி குடுக்குறா," என்று லியோனிடம் பொருமினாள். "எனக்கும் அந்தம்மா மேலதான் டவுட்டு. முதல்ல சாவிய வாங்கு," என்றான் அவன்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போய் இறங்கினாள். மீனம்மாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். எதிர்க் குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். ஆத்திரம் வந்தால் டீச்சருக்கு வகுப்பறைத் தொண்டை வந்துவிடும், என்ன செய்ய!

"சாவியக் குடுங்கக்கா. நீங்க தெனம் மத்தியானம் கதவத் தெறக்குற நேரம் பூரா என் போன்ல இருக்கு."

மீனம்மாள் வாளியைக் கீழே வைத்தாள். "தெனமா? சனிக்கிழமைதான் டீச்சர் வாரேன். மத்த நாள்ல இங்கிட்டுக் காலே வைக்கிறதில்ல."

"அப்ப போன் பொய் சொல்லுதா? இத மாட்டின தம்பி பத்து மணிக்கு வருது, அதுகிட்டயே கேப்போம்."

குழாயடியில் குடம் நிரம்பி வழிந்தது. மூட யாருக்கும் ஞாபகமில்லை. மீனம்மாள் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை உருவி, ஒன்றை மட்டும் கழற்றிக் கொடுத்தாள். "இதுல இன்னம் நாலு வீட்டுச் சாவி கெடக்கு டீச்சர். இந்தப் பேச்சு பரவுச்சுன்னா பொழுது சாயறதுக்குள்ள நாலும் போயிரும். அந்த மிஷினு மாட்டுன தம்பி வருதுன்னீகளே, வரட்டும். நானும் கேட்டுட்டுத்தான் போவேன்."

வீம்பைப் பார் என்று மனதுக்குள் கறுவினாள் ஜெனிஷா. மீனம்மாள் கேட்டுக்கு வெளியே வேலியோரம் போய் நின்றுகொண்டாள்.

ஹப்பை மாட்டிக் கொடுத்த அரவிந்த்குமார் பத்து மணிக்குப் பைக்கில் வந்தான். ஜெனிஷா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அவன் போனை வாங்கி, அவள் ஒருநாளும் தொடாத பக்கம் ஒன்றைத் திறந்தான்.

"மேடம், நீங்க வர்ற மெசேஜ மட்டும் பாத்துருக்கீங்க. இது ஹிஸ்டரி. பன்னெண்டு நாப்பத்தஞ்சு, ஆறாவது செகண்டு திறந்திருக்கு. ஏழாவது செகண்டு மூடிருக்கு. எல்லாமே இப்படித்தான். அந்த ரெண்டு சனிக்கிழமை மட்டும் முக்கால் மணி நேரம் திறந்து கெடக்கு. ஒரு செகண்டுல யாராச்சும் உள்ள வந்து போக முடியுமா?"

ஜெனிஷா போனைத் திருப்பி வாங்கி, அந்த நேரங்களைத் தானும் ஒருமுறை பார்த்தாள். ஆனாலும் விடவில்லை. "அப்ப யாரு தெறந்தா? சாவி குடுத்த மறுநாள்லேருந்துதானே வருது?"

அவன் கதவைப் பூட்டச் சொல்லி வெளியிலிருந்து உள்ளங்கையால் தள்ளினான். கதவு லேசாக உள்ளே போய்த் திரும்பியது. போன் சிணுங்கியது: 'முன்கதவு திறந்தது.'

"பாத்தீங்களா? நிலையில சென்சாரு, கதவுல காந்தம். ரெண்டும் ஒட்டி இருந்தா மூடியிருக்குன்னு அர்த்தம். ஒரு விரக்கடை அகலத்துக்கு மேல விலகுனா தெறந்துருச்சுன்னு சொல்லிரும். நான் மாட்டினப்ப இந்த ஆட்டம் இல்லையே. மத்தியானக் காத்து தள்ளுது. கதவு இடுக்குல நுழையுற அந்தக் காத்துதான் ஜன்னல் திரையையும் ஆட்டுது, கேமரா அதை அசைவுங்குது." கதவைத் திறந்து மேலே எட்டிப் பார்த்தான். "இங்க என்னமோ சொருகிருக்கே?"

கதவுக்கும் நிலைக்கும் நடுவே, வீட்டில் நாலு பேருக்கும் சேர்த்து நாலு குருத்தோலையை முடிந்து செய்த சிலுவை நசுங்கிக் காய்ந்து, கதவை நிலையோடு ஒட்டவிடாமல் விலக்கி வைத்திருந்தது. அவன் கையை நீட்டினான்.

"இருங்க தம்பி! அது கோயில்ல மந்திரிச்சுக் குடுத்த ஓலை," என்று பதறினாள் ஜெனிஷா. சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. குருத்தோலை ஞாயிறன்று அவளே செருகியது. கதவு நெருங்கி அடையவில்லை என்று இழுத்துப் பிடித்துப் பூட்டியதும் அவளே. அதே கையோடுதான் சாவியை மீனம்மாளிடம் கொடுத்தாள். ஒரே நாளில் இரண்டு காரியம் நடந்திருக்க, ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொண்டு மூன்று வாரம் ஒருத்தியைத் திருடி திருடி என்று கரித்துக் கொட்டியிருக்கிறாள். சீ, என்ன ஜென்மம் நான் என்று தன்மேலேயே வெறுப்பு வந்தது.

நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஓலையை எடுத்து மாதா படத்துக்குப் பின்னால் வைத்தாள். அரவிந்த்குமார் காந்தத்தை நெருக்கி ஒட்டினான். கேமராவின் பார்வையில் ஜன்னல் பக்கத்தைக் கோடு போட்டு ஒதுக்கி, ஆள் உருவம் தெரிந்தால் மட்டும் சொல்லும்படி மாற்றினான். கதவைப் பூட்டித் தள்ளிப் பார்த்தார்கள். போன் வாயே திறக்கவில்லை.

ஜெனிஷா பூட்டைத் திறந்து கதவை வெறுமனே சாத்திவிட்டு, சாவியோடு கேட்டுக்கு வந்தாள். குழாயடிப் பெண்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தியே சொன்னாள். "தப்பு என்னுதுக்கா. நான் சொருகின ஓலைதான். நீங்க தெறக்கல. மன்னிச்சிருங்க. சாவியப் பிடிங்க."

மீனம்மாள் சாவியை வாங்கவில்லை. தன் போனை எடுத்து அரவிந்த்குமாரிடம் நீட்டினாள். "தம்பி, கதவு தெறந்தா இதுலயும் வர்ற மாதிரி வச்சு விடுங்க. வந்தாத்தான் சாவியத் தொடுவேன்."

"செய்யலாம்க்கா. கேமரா வேணாம், கதவு மட்டும் ஒங்களுக்குக் காட்டச் சொல்லலாம். மேடம் போன்ல சம்மதம் குடுக்கணும்," என்று அவன் ஜெனிஷாவைப் பார்த்தான்.

ஜெனிஷாவுக்குச் சுருக்கென்றது. லீவுக்கு வந்து தங்கினால், எத்தனை மணிக்குக் கதவு திறக்கிறோம், எப்போது வெளியே போகிறோம் எல்லாம் மீனம்மாளுக்குத் தெரியுமே. அடுத்த வீட்டுக்காரிக்கு எதற்கு இந்தக் கணக்கு? வாய்வரை வந்த கேள்வி அங்கேயே நின்றது. மீனம்மாள் மேல் இதே கணக்கைத்தானே மூன்று வாரமாகத் தானும் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து சம்மதப் பொத்தானை அழுத்தினாள்.

மீனம்மாள் சாவியை வாங்கிக் கொத்தில் கோத்தாள். ஜெனிஷா கைப்பையை எடுக்க வீட்டுக்குள் போனாள். கதவைத் தள்ளித் திறந்த மறுகணம், வேலியோரம் போன் சிணுங்கும் சத்தம் கேட்டது.

"டீச்சர்," என்று வெளியிலிருந்து மீனம்மாள் குரல் கொடுத்தாள். "கதவு தெறந்துருச்சுன்னு வருது. யாரு?"

ஜெனிஷா வாசல்படியில் அப்படியே நின்றாள். "நான்தான்க்கா."

"சரி," என்றாள் மீனம்மாள். "நீங்க சொன்னா நான் நம்புறேன்."