மூன்றாவது கரெக்‌ஷன்

கனமான வீடியோ ஃபுட்டேஜ் திணறினால் ப்ராக்ஸி என்ற லேசான நகல் போட்டு வெட்டுவேன், ஏசி இரைச்சலை இப்படிக் குறைப்பேன் என்று கேட்டதற்கெல்லாம் டாண் டாண் என்று பதில் சொன்னேன். தலைமை எடிட்டர் மேடம் கடைசியாக ஒன்று கேட்டார்.

"க்ளையண்ட் திரும்பத் திரும்ப கரெக்‌ஷன் சொன்னா?"

"பத்து தடவை சொன்னாலும் சிரிச்ச முகத்தோட செய்வேன் மேடம்."

வாய் கூசவில்லை. எட்டு மாதமாக வீட்டில் சும்மா இருப்பவன் வேறென்ன சொல்வான்? இந்த அலுவலகத்தின் வரவேற்பில் வேலை பார்க்கும் என் அக்கா, மேடத்திடம் நடையாய் நடந்து வாங்கித் தந்த நேர்முகத் தேர்வு இது.

டெஸ்ட் கொடுத்தார்கள். தையல் கடை வைத்திருக்கும் ஒரு பெண்ணின் பேட்டியை நாற்பது விநாடிக்குள் வெட்ட வேண்டும். வெட்டினேன். மியூசிக்கின் கடைசி அடியும் அவள் கடைசி வார்த்தையும் ஒன்றாக முடிந்தன. எனக்கே என்னைத் தட்டிக்கொடுக்கத் தோன்றியது.

க்ளையண்ட் சொல்வதுபோல் முதல் கரெக்‌ஷன் ஒரு சீட்டில் வந்தது, மியூசிக்கைக் குறைக்கச் சொல்லி. குறைத்தேன். அதைப் பார்த்துவிட்டு இன்னொரு சீட்டு வந்தது, லோகோவைப் பெரிதாக்கு என்று. பெரிதாக்கினேன். அடுத்த சீட்டில், 'அவங்க பேசி முடிச்சதும் சட்டுனு வெட்ட வேண்டாம். சிரிக்கிற வரைக்கும் விடுங்க' என்று இருந்தது.

எனக்குச் சுர்ரென்று வந்தது. எடிட்டிங்கில் ஆனா ஆவன்னா தெரியாத யாரோ சொல்கிறார்கள். அந்தச் சிரிப்புக்காக வேறெங்கோ ஒரு விநாடி வெட்டி, மியூசிக்கை மறுபடி உட்கார வைக்க வேண்டும். பழைய க்ளையண்டுகளிடம் செய்ததையே செய்தேன். எதையும் தொடாமல் அதையே மறுபடி எக்ஸ்போர்ட் போட்டு, ஃபைல் பெயரில் மட்டும் 'கரெக்‌ஷன் 2' என்பதை '3' ஆக்கினேன். 'இப்பதான் சூப்பர்' என்று எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள்!

"மாத்திட்டீங்களா?" மேடம் கேட்டார்.

"மாத்திட்டேன் மேடம்."

மேடம் இரண்டாவதன் மேல் மூன்றாவதை வைத்து, டிஃபரன்ஸ் மோடுக்கு மாற்றி ஓடவிட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கும் இடம் மட்டும்தான் அதில் தெரியும். நாற்பது விநாடியும் திரை கறுப்பாகவே ஓடியது. எழுந்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"கட் நல்லாத்தான் இருந்துச்சு. 'முடியாது, மியூசிக் கெடும்'னு சொல்லியிருந்தாக்கூட உங்கள வேலைக்கு எடுத்திருப்பேன்" என்றார் மேடம். திட்டியிருந்தால் தேவலை. "அந்த நோட் என்னோடது இல்ல. உங்க அக்கா ஆசையா கேட்டாங்கன்னு ரெண்டாவத அவங்களுக்குப் போட்டுக் காட்டினேன். அவங்க சொன்னதுதான் அது. எனக்கும் சரின்னு பட்டுது."

வெளியே வந்தேன். அக்கா மேசையை விட்டு எழுந்தே நின்றாள். முகமெல்லாம் பல்.

"டேய், நான் சொன்னத எழுதிக் குடுத்தாங்களா? இப்ப அந்தம்மா சிரிக்கிறாங்களா?"

'ஆமாக்கா' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஒரே நாளில் இன்னொரு பொய்.

"இல்லக்கா. நான் மாத்தவே இல்ல. மாத்திட்டேன்னு பொய் சொன்னேன்."

அக்கா மெல்ல உட்கார்ந்தாள். உள்ளே மேடத்தின் அறைக் கதவைப் பார்த்தாள். நாளைக்கும் அவள் அந்தக் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும்.