கோட்டுக்கு எந்தப் பக்கம்

வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்காக அந்த நர்ஸ், ஆங்கில அகராதியைக் கரைத்துக் குடித்திருந்தாள். உச்சரிப்புக் குறிகளுக்கு நடுவே மேலே நிற்கும் குட்டிக் கோட்டுக்கு முந்தைய அசையைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும் என்பது அவள் கணிப்பு. சொல்லின் தலையிலேயே கோடு நின்றால் அச்சுப்பிழை என்று மன்னித்துவிடுவாள்.

தேர்வறை வாசலில் பொழுது போகாத கணவன், அகராதியின் முன்பக்கத்துக் குறி விளக்கத்தைப் படித்தான்.

"ஏம்மா, கோட்டுக்கு அடுத்த அசையைத்தான் அழுத்தணுமாம்."

"அப்ப, மயக்க டாக்டருக்கு?"

"'அ' இல்ல, 'னீ'. அனீஸ்தடிஸ்ட்."

"இத்தனை மாசமா 'அ'வைப் போட்டு அமுக்கிட்டிருந்தேங்க!"

"பாவம், அதுக்கே மயக்கம் வந்திருக்கும்."

அவள் சிரிக்கவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள். எழுந்தபடியே ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். நாக்கு பழைய 'அ'விலேயே சப்பணமிட்டு உட்கார்ந்துகொண்டது. கணவன் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டான். அதை மட்டும்தான் அவனால் வாங்கிக்கொள்ள முடிந்தது.