போர்டில் ஏறாத வார்த்தை

மாலை வகுப்பு முடியும் நேரத்தில் டீச்சருக்குத் தொண்டை வறண்டு போயிருக்கும். பகலெல்லாம் பள்ளிப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் வேலைக்குப் போகிற வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் மொழியைச் சொல்லிக் கொடுக்கிற பிழைப்பு. "சந்தேகம் உண்டா?" என்று கேட்டதுகூட வழக்கத்துக்குத்தான். யாருக்கும் இருக்கக் கூடாதே என்று உள்ளுக்குள் வேண்டுதல் வேறு.

முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் நர்ஸம்மா கையைத் தூக்கினாள். ஒரு வார்த்தையை அட்சர சுத்தமாகச் சொல்லி, "இதுக்கு என்ன அர்த்தம் டீச்சர்?" என்றாள். அதை இங்கே எழுத எனக்கே தைரியம் போதாது. பின்வரிசை டிரைவர் இருமினார். பெயிண்டர் குனிந்து சிரிப்பை விழுங்கினார்.

டீச்சர் முகம் மாறவில்லை. மாறினால் கேட்டவள் மானம் போய்விடும்.

"நல்ல கேள்வி. அது கோபத்துல திட்டுற வார்த்தை. காதுல விழுந்தா தெரிஞ்சுக்கணும், நாம சொல்லக் கூடாது. விவரம் அப்புறம் சொல்றேன். அடுத்த பக்கம் எடுங்க."

சாக்பீஸைத் தொடவே இல்லை. போர்டில் எழுதினால் நாலு பேர் போனில் படம் பிடித்துக்கொள்வார்கள்.

எல்லாரும் போனதும் டீச்சர் கதவைச் சாத்திவிட்டு, நர்ஸம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உங்க மொழியில, அம்மா முன்னாடி வாயில வரக் கூடாத வார்த்தை இருக்கா? சொல்ல வேணாம், நினைச்சா போதும்."

"இருக்கு."

"பொம்பளைய அசிங்கப்படுத்துறதா?"

"ஆமா."

"அதுதான் இது."

நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ டீச்சர், நான் தினமும் சொல்றேனே!"

புத்தி தடுமாறிய ஒரு பெரியவர். காலையில் இவள் ஜன்னல் திரையை விலக்கியதும் சிரித்த முகமாய் அதைச் சொல்வாராம். வணக்கம் என்று நினைத்து இவளும் சிரித்தபடி அதையே திருப்பிச் சொல்லியிருக்கிறாள். நேற்று இவள் சொன்னதை அவர் மகள் வாசலில் நின்று கேட்டுவிட்டாள். நாளைக்கு மேனேஜர் விசாரணை. வேலை போனாலும் போகும்.

டீச்சர் வழி இருக்கிறதே என்று நிமிர்ந்தாள். "ரெண்டே வாக்கியம். மனப்பாடம் பண்ணுங்க. 'எனக்கு அர்த்தம் தெரியாது. அவர் சொன்னதைத்தான் நானும் சொன்னேன்.'"

முதல் வாக்கியத்தை நர்ஸம்மா திக்காமல் சொன்னாள். இரண்டாவதில் நின்றுவிட்டாள்.

"மறந்துடுச்சா?"

"இல்ல டீச்சர். அந்தப் பொண்ணும் அங்க இருக்கும். உங்கப்பா இப்படிப் பேசுறார்னு அது முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றது? எனக்கு முதல் வாக்கியம் போதும்."

"அது மட்டும் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கம்மா."

"பரவால்ல."

டீச்சருக்கு உடம்பில் தெம்பு என்று ஒன்றும் மிச்சமில்லை. நாளைக்கு லீவு கேட்டால் தலைமையாசிரியர் வேறு கடித்துக் குதறுவார்.

"மேனேஜர் கூப்பிட்டது எத்தனை மணிக்கு?" என்றாள். "நானும் வரேன். ரெண்டாவது வாக்கியத்தை மேனேஜர்கிட்ட நான் தனியா சொல்லிக்கிறேன்."